ஓர் எழுத்து, ஒன்பது மணி நேரம்

ஜெர்மன் மருத்துவமனைச் செயலியில் டியூட்டிப் பட்டியலைப் படிக்கும் விதம்

கைபேசித் திரையில் ஒரு மாதம் முழுவதும் ஒரே வரிசையில் விரிகிறது. 2025 செப்டம்பர், முப்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து: F, F, S, S, ஒரு கோடு, இன்னொரு கோடு, N, N, U. வரிசையின் ஓரத்தில் நான்கு எண்கள்: Soll 169,40, Plan 166,90, Saldo −2,50, Übertrag +11,20. ஜெர்மனியில் வேலை பார்க்கும் தமிழ்ச் செவிலியர் ஒருவரின் தூக்கம், சம்பளம், ஊருக்குப் போகும் விமான டிக்கெட் எல்லாம் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் தனியார் முகவர்கள் வழியாகவும் ஜெர்மனிக்குப் போகிறவர்கள் அதற்கு முன் மாதக்கணக்கில் ஜெர்மன் படிக்கிறார்கள். வகுப்பில் நோயாளியிடம் வலியைப் பற்றிக் கேட்கவும், ஷிஃப்ட் மாறும்போது தகவலை ஒப்படைக்கவும் பயிற்சி உண்டு. பட்டியலைப் படிக்கப் பயிற்சி இல்லை. ஊரில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. இன்சார்ஜ் சிஸ்டரின் நோட்டில் மார்னிங், ஈவ்னிங், நைட், ஆஃப் என்று இருக்கும், சி.எல்., இ.எல்., கம்ப் ஆஃப் தெரிந்தால் போதும். சந்தேகம் வந்தால் நேரில் கேட்டுவிடலாம். ஜெர்மனியிலோ பட்டியல் செயலியில் வெளியாகிறது, மாற்றங்களும் அதிலேயே வருகின்றன, மாதக் கடைசியில் சம்பளப் பிரிவு அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது.

எழுத்தும் கடிகாரமும்

F காலை ஷிஃப்ட், S பிற்பகல் ஷிஃப்ட், N இரவு ஷிஃப்ட். ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளிலும் இந்த மூன்றும் இப்படித்தான். மற்ற குறிகளை அந்தந்த மருத்துவமனை தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. Z ஓரிடத்தில் இடைநேர ஷிஃப்ட்டாகவும் இன்னோரிடத்தில் கூடுதல் விடுப்பாகவும் இருக்கலாம். அதனால் எந்தச் செயலியிலும் முதலில் தேட வேண்டியது Legende என்ற பொத்தானை. குறிகளின் விளக்கம் அங்கே இருக்கும். அது கண்ணில் படாவிட்டால் கட்டத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் ஷிஃப்ட்டின் தொடக்கம், முடிவு, இடைவேளை மூன்றும் தெரியும்.

எழுத்தைவிட அந்த நேரங்களே முக்கியம். இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளும் வார்டில் F 6:00 முதல் 14:12 வரை. S 13:00 முதல் 21:12 வரை. இரண்டிலும் அரை மணி இடைவேளை கழிந்து 7 மணி 42 நிமிடம் வேலை நேரமாகக் கணக்காகும். N 20:45 முதல் மறுநாள் 6:30 வரை. முக்கால் மணி இடைவேளை போக ஒன்பது மணி நேரம்.

இந்த நேரங்களை வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் S-க்கு அடுத்த நாள் F வந்திருப்பதன் சிக்கல் உடனே தெரியும். இரவு 21:12-க்கு முடித்தவர் காலை 6:00 மணிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் 8 மணி 48 நிமிடம்தான். ஜெர்மன் வேலை நேரச் சட்டம் இரண்டு பணிகளுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. மருத்துவமனைகள் அதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் அல்லது நான்கு வாரத்துக்குள் வேறொரு ஓய்வை 12 மணி நேரமாகவாவது நீட்டி ஈடுகட்ட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இந்த வார்டில் S-க்குப் பிறகு F செல்லாது. பிற்பகல் ஷிஃப்ட் 20:00 மணிக்கே முடியும் வார்டில் அதே இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வருவது, அந்த ஈடு கிடைக்கும்வரை, சட்டப்படி சரி.

இரவு ஷிஃப்ட்டில் வேறொரு சிக்கல் இருக்கிறது. N எந்த நாளில் தொடங்குகிறதோ அந்த நாளின் கட்டத்தில்தான் எழுதப்படும். 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை N, 29-ஆம் தேதி வெறும் கோடு என்றால், 29 காலை 6:30 வரை அவர் வார்டில்தான் இருப்பார். கட்டம் காலியாக இருக்கிறதே என்று அன்று காலை சென்னைக்கு டிக்கெட் எடுத்தவரின் விமானம், அவர் காலைச் சாப்பாட்டு ட்ரேக்களுக்கு முந்தைய மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது கிளம்பியிருக்கும்.

> பெட்டிச் செய்தி: அடிக்கடி காணும் குறிகள்
>
> U அல்லது EU: ஆண்டு விடுப்பு
> ZU: ஷிஃப்ட் வேலைக்கான கூடுதல் விடுப்பு
> K அல்லது AU: நோய் விடுப்பு
> FZA: சேர்ந்த மணி நேரத்துக்கு ஈடான ஓய்வு, நம் ஊர் கம்ப் ஆஃப்
> WF: செவிலியர் கேட்டு வாங்கிய ஆஃப்
> X, – அல்லது காலிக் கட்டம்: பட்டியல்படி ஆஃப்
> RB: வீட்டில் இருந்தபடி அழைப்புக்குத் தயாராக இருத்தல்
> BD: மருத்துவமனையிலேயே தங்கித் தயாராக இருத்தல்
>
> இவை பொதுவான வழக்கங்கள். உங்கள் மருத்துவமனையின் Legende சொல்வதுதான் அங்கே செல்லும்.

ஓரத்து எண்கள்

Soll என்பது அந்த மாதத்தில் வேலை செய்ய வேண்டிய நேரம். நகராட்சி மருத்துவமனைகளின் கூட்டு ஒப்பந்தப்படி முழுநேரச் செவிலியருக்கு வாரம் 38.5 மணி. அதை ஐந்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு 7.7. 2025 செப்டம்பரில் 22 வார நாட்கள். 22 × 7.7 = 169.4. அதுதான் Soll. திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் வார மணி நேரம் வேறாக இருக்கக்கூடும். கணக்கு போடும் முறை இதே.

புதிதாக வருகிறவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 7,70 என்று திரையில் இருப்பது 7 மணி 70 நிமிடம் அல்ல. அப்படி ஒரு நேரமே கிடையாது என்பதால் இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் −2,50 என்று வந்தால் அது இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்றே கண் படிக்கும். ஜெர்மன் வழக்கத்தில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளது மணியின் நூறில் ஒரு பங்கு. அதை 0.6-ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும்: 50 என்றால் 30 நிமிடம், 70 என்றால் 42 நிமிடம். சில செயலிகள் நேரத்தை 7:42 என்று முக்காற்புள்ளி போட்டுக் காட்டும். அப்போது அது உண்மையான நிமிடம். ஒரே செயலியில் வந்த நேரம் முக்காற்புள்ளியுடனும் மீதிக்கணக்கு காற்புள்ளியுடனும் வருவதும் உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் கைக்கணக்கு எழுதினால், மாதக் கடைசியில் செயலி ஏமாற்றுவதாகத் தோன்றும்.

Plan அல்லது Soll-Plan என்பது போட்டுக் கொடுத்த பட்டியல். Ist என்பது உண்மையில் நடந்தது. Saldo என்பது Soll-க்கும் Plan-க்கும், வேலை நடந்த பிறகு Soll-க்கும் Ist-க்கும், உள்ள வித்தியாசம், Übertrag போன மாதத்திலிருந்து வந்த மீதி.

ஒரு மாதக் கணக்கு

எடுத்துக்காட்டுச் செவிலியரின் செப்டம்பரில் எட்டு F, ஆறு S, நான்கு N, மூன்று U. F 61.6 மணி, S 46.2, N 36, விடுப்பு 23.1. மொத்தம் 166.9. Soll 169.4 என்பதால் பட்டியல் வெளியான அன்றே −2,50. வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டரை மணி கடன்; செவிலியரின் தவறு இதில் எதுவும் இல்லை, பட்டியல் போட்டவர் அப்படி அமைத்திருக்கிறார்.

மாதத்தின் போக்கில் மூன்று பிற்பகல் ஷிஃப்ட்கள் நீள்கின்றன: 25, 40, 30 நிமிடம். மொத்தம் 95 நிமிடம், அதாவது 1.58 மணி. மீதி −0,92 ஆகிறது. 20-ஆம் தேதி சனிக்கிழமை அவருக்கு ஆஃப். காலையில் வார்டிலிருந்து போன் வருகிறது, ஆள் இல்லை, வர முடியுமா என்று. அவர் போகிறார். அந்தக் கட்டத்தில் கோடு இருந்த இடத்தில் F வருகிறது, 7.7 கூடி மீதி +6,78. ஆகஸ்டிலிருந்து வந்த +11,20-ஐச் சேர்த்தால் +17,98. அதாவது 17 மணி 59 நிமிடம்.

இந்த எண் வந்துசேருமா என்பது மூன்று இடங்களைப் பொறுத்தது. முதலாவது அந்த 95 நிமிடம். செயலியில் கார்டு தட்டிய நேரம் ஒரு பத்தியிலும் கணக்கில் ஏற்ற நேரம் இன்னொரு பத்தியிலும் இருக்கும். 21:37-க்கு வெளியேறியதாக ஒன்றும், 21:12-க்கு முடிந்ததாக இன்னொன்றும் காட்டினால் இடையிலுள்ள 25 நிமிடத்தை அமைப்பு வெட்டிவிட்டது என்று பொருள். மேலதிகாரி ஒப்புதல் தரும்வரை பட்டியல் நேரத்துக்கு மேல் ஏற்றாதபடி பல மருத்துவமனைகள் அமைத்து வைத்திருக்கின்றன. ஜெர்மன் கூட்டாட்சி தொழிலாளர் நீதிமன்றம் 2022 மே மாதம் அளித்த தீர்ப்பின்படி, கார்டு தட்டியது மட்டும் ஓவர்டைமுக்குச் சான்றாகாது. அந்த வேலை உத்தரவின்பேரில், அல்லது ஒப்புதலுடன், அல்லது மேலதிகாரிக்குத் தெரிந்தே நடந்தது என்பதையோ, அந்த வேலைக்கு அந்த நேரம் தவிர்க்க முடியாமல் தேவைப்பட்டது என்பதையோ ஊழியர்தான் காட்ட வேண்டும். எனவே காரணத்தை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். திருத்தக் கோரிக்கைப் பெட்டியில் நீண்ட ஜெர்மன் தேவையில்லை:

```
03.09. Spätdienst: Ende 21:37 statt 21:12.
Grund: Notfallaufnahme um 20:50.
Angeordnet durch Schichtleitung. Bitte um Korrektur.
```

தேதி, எந்த ஷிஃப்ட், எப்போது முடிந்தது, ஏன் நீண்டது, யார் சொல்லித் தங்கினார், திருத்துங்கள். இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

இரண்டாவது இடம் இடைவேளை. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிடமும், ஒன்பது மணிக்கு மேல் என்றால் 45 நிமிடமும் இடைவேளை சட்டப்படி கட்டாயம். அமைப்பு அதைத் தானாகவே கழித்துவிடும். இரவில் முப்பது நோயாளிகளுக்கு ஒரே ஆளாக நின்று, அழைப்பு மணிக்கு ஓடிக்கொண்டே சாண்ட்விச் தின்றவருக்கும் முக்கால் மணி கழியும். யாராவது வந்து பொறுப்பேற்று விடுவிக்காவிட்டால் அது இடைவேளை ஆகாது. பல செயலிகளில் இதற்கென்று Pause nicht genommen என்ற தேர்வு இருக்கும். மாதத்துக்கு நான்கு இரவு இப்படிப் போனால் மூன்று மணி நேரம். ஆனாலும் புதியவர்கள் பலர் அந்தத் தேர்வைத் தொடுவதில்லை, வார்டில் பெயர் கெட்டுவிடும் என்ற தயக்கம்தான் காரணம்.

மூன்றாவது சனிக்கிழமை F. அதைப் போட்ட கையோடு மாதக் கடைசியில் இருந்த வேறொரு F-ஐக் கோடாக்கிவிட்டால் 7.7 கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போது அது கூடுதல் வேலை அல்ல, நாள் மாற்றம். அதற்குச் செவிலியரின் சம்மதம் வேண்டும். ஆஃப் நாளில் வரும் அழைப்பை எடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: நேரம் குறிக்காத காத்திருப்பு ஷிஃப்ட் பட்டியலில் முன்பே போடப்பட்டிருந்து, நேரத்தைப் பிறகு சொல்லலாம் என்று நிறுவன உடன்பாடும் இருந்தால், அந்தச் செய்தியை ஓய்வு நேரத்திலும் பார்க்கத்தான் வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் ஓர் அவசர ஊர்தி ஊழியரின் வழக்கில் சொன்னது. ஆகவே Springer போன்ற நேரமில்லாக் குறி கட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

+17,98 முழுவதும் ஓவர்டைம் என்று எண்ணிச் சம்பளச் சீட்டைத் திறந்தால் ஏமாற்றம் வரும். கணக்கில் சேரும் கூடுதல் மணி வேறு, கூடுதல் விழுக்காடு சேர்த்துக் கொடுக்கும் ஓவர்டைம் வேறு. பின்னதற்கு உத்தரவு வேண்டும், ஒப்பந்தம் குறிக்கும் காலத்துக்குள் ஓய்வாக ஈடுகட்டப்படாமலும் இருக்க வேண்டும். பகுதிநேரச் செவிலியர்களுக்கு இதில் ஒரு செய்தி: முழுநேர அளவைத் தாண்டினால்தான் அந்தக் கூடுதல் விழுக்காடு என்ற விதி, தக்க காரணம் இல்லாவிட்டால், பகுதிநேர ஊழியர்களுக்கு எதிரான பாகுபாடு என்று 2024 டிசம்பர் 5-ஆம் தேதி கூட்டாட்சி தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் டயாலிசிஸ் நிறுவனம் ஒன்றின் பகுதிநேரச் செவிலியர்.

K இருந்த இடத்தில் X

அதே செவிலியர் 27, 28 தேதிகளில் காய்ச்சலால் வர முடியவில்லை. இரண்டும் N. நோய்க்கால ஊதியச் சட்டத்தின் அடிப்படை எளிது: உடம்பு சரியாக இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அது கிடைக்க வேண்டும். பட்டியலில் ஒன்பது மணி இருந்ததால் K-யும் ஒன்பது மணியாக ஏற வேண்டும். மீதி +17,98 அசையக் கூடாது.

தவறு இரண்டு விதமாக நேரும். K-க்கு எப்போதும் நாள் சராசரியான 7.7 என்று அமைப்பில் போட்டிருந்தால் ஓர் இரவுக்கு 1.3 மணி குறையும். மீதி +15,38 ஆகிவிடும். இன்னொன்று பெரியது. ஆள் வராததால் பட்டியலை மறுபடி ஒழுங்குபடுத்தும்போது, அந்த இரண்டு N-களையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு இவருடைய கட்டங்களில் X போட்டுவிடுவார்கள். ஆஃப் நாளில் நோய்வாய்ப்பட்டால் கணக்கில் ஏற எதுவும் இல்லை. 18 மணி போய்விடும், மீதி −0,02. ஆகஸ்டிலிருந்து சேர்த்ததும் செப்டம்பரில் உழைத்ததும் இரண்டு எழுத்து மாறியதில் பூஜ்யமாகும். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, திரையில் ஓட்டையை அடைக்கும் அவசரம்தான். ஆனால் வெளியிட்ட பட்டியல் கட்டுப்படுத்தும். நோய் வந்த பிறகு அதை மாற்றி மணியைக் குறைக்க முடியாது. அன்று அந்தக் கட்டத்தில் N இருந்தது என்று காட்டுவதுதான் பாடு. பட்டியல் வெளியான நாளிலேயே அதைப் படமெடுத்து வைத்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

அந்தப் படத்தில் தன் வரி மட்டும் இருக்கட்டும். சக ஊழியர்களின் பெயரும் அவர்களுடைய K-யும் தெரியும் முழுப் பட்டியலைத் தமிழ் நர்ஸ்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு “இதற்கு என்ன அர்த்தம் அக்கா?” என்று கேட்பது, பிறருடைய உடல்நலத் தகவலைப் பரப்புவதாகிவிடும். ஜெர்மனியில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விடுப்பா, கம்ப் ஆஃபா?

மூன்று நாள் வேண்டும் என்று கேட்டால் வார்டு பொறுப்பாளர் U போடட்டுமா, FZA போடட்டுமா என்று கேட்பார். அன்றைக்கு வீட்டில் இருப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். நோய் வந்தால்தான் வேறுபாடு தெரியும். ஆண்டு விடுப்பின் நடுவே நோய்வாய்ப்பட்டு மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த நாட்கள் விடுப்பில் கழியாது, கணக்குக்குத் திரும்பும். இது கூட்டாட்சி விடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. FZA நாளில் நோய் வந்தால் அந்த மணிகள் பொதுவாகத் திரும்புவதில்லை, ஒப்பந்தம் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய. ஓர் ஒற்றை நாளுக்கு FZA சரி; ஊருக்குப் போகும் நான்கு வாரத்தை U-வில் வைப்பதே பாதுகாப்பு.

U எந்தக் கட்டங்களில் விழுந்திருக்கிறது என்றும் எண்ண வேண்டும். ஐந்து நாள் வார அடிப்படையில் விடுப்பு கணக்கிடும் இடத்தில் ஒரு வாரத்துக்கு ஐந்து U, இரண்டு கோடு. ஏழும் U என்றால் இரண்டு நாள் வீணாகக் கழிந்திருக்கிறது, அல்லது அந்த மருத்துவமனை வேறு முறையில் எண்ணுகிறது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரையில் விடுப்பில் இருக்கும்போது டெங்கு வந்தால் என்ன செய்வது? ஜெர்மன் மருத்துவர் தரும் சான்றை நிறுவனம் மருத்துவக் காப்பீட்டு அமைப்பிடமிருந்து மின்னணு வழியில் பெற்றுக்கொள்ளும் முறை 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியச் சான்றுக்கு அந்த வழி கிடையாது. தாளில்தான் அனுப்ப வேண்டும். நிறுவனத்துக்கு எது விரைவான வழியோ அதில் உடனே தெரிவித்து, தங்கியிருக்கும் முகவரியையும் சொல்ல வேண்டும். காப்பீட்டு அமைப்புக்கும் தகவல் போக வேண்டும். சான்றில் காய்ச்சல், ஓய்வு தேவை என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். திரும்பக் கிடைத்த நாட்களைத் தாமாகவே விடுப்பின் கடைசியில் ஒட்டிக்கொள்ள முடியாது. அவை கணக்கில்தான் சேரும், பிறகு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இழவு விடுப்பிலும் ஊர்க் கணக்கு செல்லாது. நகராட்சி மருத்துவமனைகளின் ஒப்பந்தத்தில் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளை இறந்தால் சம்பளத்துடன் இரண்டு வேலை நாள். பாட்டி, தாத்தா அந்தப் பட்டியலில் இல்லை. ஊர் போய்ச் சேருவதற்கே இரண்டு நாள் ஆகும் என்பதால் மீதியை U, FZA, சம்பளமில்லா விடுப்பு மூன்றில் ஒன்றாகத்தான் போட முடியும். சம்பளமில்லா விடுப்பு, அதாவது திரையில் unbezahlt என்று வரும் குறி, தொடர்ந்து ஒரு மாதத்தைத் தாண்டினால் வேலைவழிச் சமூகக் காப்பீடு அறுந்துபோகும். மருத்துவக் காப்பீட்டுக்கு அதன் பிறகு தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

> பெட்டிச் செய்தி: யாரிடம் போவது?
>
> முதலில் வார்டு பொறுப்பாளர்; பட்டியலைத் திருத்தும் உரிமை அவரிடம்தான் இருக்கிறது. அங்கே முடியாவிட்டால் ஊழியர் பிரதிநிதிக் குழு. தனியார் மருத்துவமனையில் அதன் பெயர் Betriebsrat, அரசு மருத்துவமனையில் Personalrat, திருச்சபை மருத்துவமனையில் MAV. தனியார் நிறுவனத்தில் வேலை நேரத்தின் தொடக்கம், முடிவு, ஓவர்டைம் மூன்றிலும் Betriebsrat-க்குச் சட்டப்படி இணைமுடிவு உரிமை உண்டு.

எத்தனை மாதம் பின்னால் போகலாம்?

நகராட்சி மருத்துவமனைகளின் ஒப்பந்தப்படி விட்டுப்போன மணிக்கோ பணத்துக்கோ ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கோரிக்கை வைக்க வேண்டும். பல தனியார் ஒப்பந்தங்களில் மூன்றே மாதம். அந்தக் கெடு தாண்டினால் கோரிக்கை நியாயமானதாக இருந்தாலும் கிடைக்காது. வார்டில் வாயால் சொன்னது கோரிக்கையாகக் கணக்கில் வராது. மின்னஞ்சல் பெரும்பாலும் போதும். செப்டம்பர் மாதத்து இரண்டு X-களை டிசம்பர் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பவருக்கு மூன்று மாதக் கெடுவில் நேரம் மிகக் குறைவு. ஆகவே மாதம் முடிந்து Ist மூடப்படும் அன்று, வெளியான நாளின் படத்தையும் மூடிய நாளின் திரையையும் அருகருகே வைத்து, மாறியிருக்கும் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும்.